பிளாக்கை எந்தப் பக்கம் நீட்டுவது? ஆர்.பி.டி பரிசோதனையை வயலில் போடும் முறை

முதுகலை ஆய்வுக்கு வயலில் இறங்குபவர்கள் பெரும்பாலும் "ஆர்.பி.டி, ஐந்து ட்ரீட்மென்ட், நான்கு ரெப்ளிகேஷன்" என்று நோட்டில் எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள். ஆர்.பி.டி என்பது ரேண்டமைஸ்டு பிளாக் டிசைன்: வயலைப் பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிளாக்கிலும் எல்லா ட்ரீட்மென்ட்டையும் ஒருமுறை குலுக்கிப் போடுவது. ஒரு பிளாக் ஒரு ரெப்ளிகேஷன். சரி, அந்த நான்கு பிளாக்கும் வயலில் எந்தப் பக்கமாக நீளும் என்று கேட்டால் பதில் வருவதில்லை. பரிசோதனையின் தலையெழுத்தைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். அறுவடைக்குப் பிறகு எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

ஒரே ஒரு பரிசோதனையை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் கடைசிவரை போவோம். பயிர் மக்காச்சோளம். ட்ரீட்மென்ட்கள் ஹெக்டேருக்கு 0, 50, 100, 150, 200 கிலோ தழைச்சத்து. வயல் ஒரு பக்கமாகச் சற்றே சரிந்திருக்கிறது. தாழ்ந்த பக்கத்தில் மண் ஆழம் அதிகம், ஈரமும் அதிக நாள் நிற்கும்.

முதலில் வயலைப் படியுங்கள்

எந்த வயலும் ஒரே சீராக இருக்காது. நமக்குத் தெரிய வேண்டியது, வளம் எந்தத் திசையில் கூடுகிறது அல்லது குறைகிறது என்பது. முந்தைய பயிர் நிற்கும்போதே போய்ப் பார்ப்பது நல்லது. எந்தப் பக்கம் உயரமாக, கரும்பச்சையாக நிற்கிறது, எங்கே வெளிறிக் கிடக்கிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். தண்ணீர் எந்த மூலையில் நுழைகிறது, மர நிழல் எதுவரை விழுகிறது, பழைய வரப்பு ஏதாவது உழுது கரைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எருக்குவியல் கிடந்த இடத்தை அந்த வயலில் வேலை செய்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் திட்டு சில பருவங்களுக்கு ஆள் உயரப் பயிரைக் கொடுக்கும். அதைப் பரிசோதனைக்குள் சேர்க்காமல் ஒதுக்குவதே நல்லது.

மண் மாதிரியை வயல் முழுவதற்கும் ஒன்றாகக் கலந்து எடுத்தால் சராசரிதான் தெரியும், திசை தெரியாது. மேல், நடு, கீழ் என்று தனித்தனியாக எடுத்தால் திசையும் பிடிபடும்.

பிளாக்கின் திசை

விதி இதுதான். பிளாக்குகள் சரிவின் வழியே ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பிளாக்கும் சரிவுக்குக் குறுக்கே நீள வேண்டும். பிளாக்குக்குள் இருக்கும் பிளாட்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு பிளாட்டின் நீளப்பக்கம் மட்டும் சரிவின் வழியே ஓட வேண்டும்.

காரணம் எளிது. ஒரு பிளாக்குக்குள் ஐந்து ட்ரீட்மென்ட்டும் போட்டியிடுகின்றன. போட்டி நியாயமாக இருக்க, ஐந்து பிளாட்டும் ஒரே மாதிரி நிலத்தில் நிற்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் நிற்கும் ஐந்தும் அப்படித்தான் இருக்கும். பிளாட்டின் நீளத்தையும் சரிவின் வழியே வைத்தால், ஒவ்வொரு பிளாட்டும் கொஞ்சம் மேட்டையும் கொஞ்சம் பள்ளத்தையும் சம அளவில் எடுத்துக்கொள்கிறது. பிளாக்குக்கும் பிளாக்குக்கும் வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை, கணக்கில் அது தனியே பிரிந்துவிடும். சொல்லப்போனால், வித்தியாசம் முழுக்கப் பிளாக்குகளுக்கு இடையே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நம் விருப்பம்.

திசையை மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு பிளாக்கும் மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடியும். நான்கு பிளாக்குகளின் சராசரியும் ஏறத்தாழ ஒன்றாக வரும். ஆனால் பிளாக்குக்குள் மேட்டுப் பிளாட்டுக்கும் பள்ளத்துப் பிளாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அத்தனையும் பிழைக்குள் போய் உட்காரும். சரிவு கண்ணுக்கே தெரியும் வயலில், பிளாக்கின் மீன் ஸ்கொயர் பிழையின் மீன் ஸ்கொயரைவிடச் சிறியதாக வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது திசையைத்தான்.

சரிவு எந்தப் பக்கம் என்றே தெரியாத வயல்களும் உண்டு. அங்கே ஒரு பிளாக்கை முடிந்தவரை சதுரமாக, நெருக்கமாக அமைப்பதே பாதுகாப்பு. பக்கத்து நிலம் தூரத்து நிலத்தைவிட ஒத்திருக்கும் என்ற அனுமானத்தில் செய்வது அது.

நம் வயலுக்கு அளவு போடுவோம். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர். ஒரு பிளாட்டில் 6 வரிசை என்றால் அகலம் 3.6 மீட்டர். நீளம் 5 மீட்டர், அது சரிவின் வழியே. ஐந்து பிளாட்டும் இடையில் அரை மீட்டர் வரப்புமாக ஒரு பிளாக் 20 மீட்டர் நீளும். பிளாக்குகளுக்கு இடையே வாய்க்காலுக்கும் நடைக்கும் சேர்த்து 1 மீட்டர் விட்டால், நான்கு பிளாக்குக்கு 23 மீட்டர் வேண்டும். ஆக 20-க்கு 23 மீட்டர், ஓர நடவுக்கான இடம் தனி.

வாய்க்காலை நான் பிளாக்குகளுக்கு இடையே வைத்ததற்குக் காரணம் உண்டு. இது தழைச்சத்துப் பரிசோதனை. ஒரு பிளாட்டிலிருந்து அடுத்த பிளாட்டுக்குத் தண்ணீர் பாய்ந்தால் 200 கிலோவின் யூரியா கரைந்து 0 கிலோவுக்குப் போய்விடும். ஒவ்வொரு பிளாட்டும் வாய்க்காலிலிருந்து நேரடியாகத் தண்ணீர் வாங்க வேண்டும்.

எத்தனை ரெப்ளிகேஷன்?

வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, பிழைக்கான டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் குறைந்தது 12 இருக்க வேண்டும் என்பது. ஆர்.பி.டியில் அது (r − 1)(t − 1). ஐந்து ட்ரீட்மென்ட்டுக்கு 4 × 3 = 12, எனவே நான்கு ரெப்ளிகேஷன். மூன்றே ட்ரீட்மென்ட் என்றால் ஏழு தேவைப்படும். ட்ரீட்மென்ட் குறைந்தால் ரெப்ளிகேஷன் கூடுகிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஆனால் 12 என்பது தரைமட்டம் மட்டுமே. எவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஆசைப்படுகிறீர்கள் என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. அதற்கு இந்தச் சூத்திரம்:

```
r = 2 × (t1 + t2)² × (CV / d)²
```

CV என்பது அந்த மாதிரி வயலில் எதிர்பார்க்கும் மாறுபாட்டுக் கெழு, சதவீதத்தில். d என்பது கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம், சராசரியின் சதவீதமாக. t1 என்பது 5 சதவீத அளவுக்கான t மதிப்பு. t2 என்பது அந்த வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்பில் பிடிப்பதற்கான t மதிப்பு. CV 9, d 20 என்று வைத்தால், 12 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடமுக்கு t1 = 2.18, t2 = 0.87. விடை 3.8, அதாவது நான்கு. இதே வயலில் 10 சதவீத வித்தியாசத்தைப் பிடிக்க ஆசைப்பட்டால் கிட்டத்தட்ட 14 ரெப்ளிகேஷன் வேண்டும். அதை யாரும் போடப்போவதில்லை. ஆகவே 8 சதவீதம் கூடுதல் விளைச்சல் தரும் என்று எதிர்பார்க்கும் ஒரு ட்ரீட்மென்ட்டை மூன்று ரெப்ளிகேஷனில் சோதித்துவிட்டு, "வித்தியாசம் இல்லை" என்று எழுதுவதில் பொருளில்லை. வித்தியாசம் இருந்திருந்தாலும் அந்தப் பரிசோதனைக்கு அது தெரிந்திருக்காது.

ரெப்ளிகேஷன் அல்லாதவை

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ட்ரீட்மென்ட் எந்த அலகுக்குத் தனித்தனியாகக் குலுக்கிக் கொடுக்கப்பட்டதோ, அந்த அலகுதான் ரெப்ளிகேஷன். நம் பரிசோதனையில் அது பிளாட். ஒரு பிளாட்டில் ஐந்து செடியின் உயரம் அளந்தால் அது ஐந்து ரெப்ளிகேஷன் ஆகாது, ஒரே பிளாட்டை ஐந்து முறை பார்த்ததுதான். அதுபோல, பெரிய பாத்தி ஒன்றில் 100 கிலோவையும் இன்னொன்றில் 200 கிலோவையும் போட்டுவிட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு இடத்தில் அறுத்தாலும் ரெப்ளிகேஷன் ஒன்றுதான். அந்த இரு பாத்திகளின் மண் வித்தியாசத்தையும் உரத்தின் வித்தியாசத்தையும் பிரிக்க வழியே இல்லை.

தவறு நடந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஒரே ஓர் எண்ணைப் பார்த்தால் போதும். 20 பிளாட், பிளாட்டுக்கு 5 செடி, மொத்தம் 100 மதிப்பை அப்படியே மென்பொருளில் கொடுத்தால் பிழையின் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 92 என்று வரும். வர வேண்டியது 12. ஐந்து செடியின் சராசரியை எடுத்து, பிளாட்டுக்கு ஒரு மதிப்பு என்று கொடுங்கள்.

குலுக்கல்

ஒவ்வொரு பிளாக்குக்கும் புதிதாகக் குலுக்க வேண்டும். முதல் பிளாக்குக்குக் குலுக்கிய வரிசையையே மற்றவற்றுக்கும் வைத்தால், ஒரு குறிப்பிட்ட ட்ரீட்மென்ட் நான்கு பிளாக்கிலும் ஒரே ஓரத்தில் போய் நிற்கும். சீட்டுக் குலுக்கினாலும் சரி, R-இல் இப்படிச் செய்தாலும் சரி:

```r
set.seed(4127)
for (b in 1:4)
  cat("Block", b, ":", sample(paste0("T", 1:5)), "\n")
```

`set.seed` எண்ணை நோட்டில் எழுதி வைத்தால், பிறகு யார் கேட்டாலும் அதே வரிசையை எடுத்துக் காட்டலாம்.

குலுக்கலில் 1, 2, 3, 4, 5 என்று வரிசையாகவே வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். 120-இல் ஒரு வாய்ப்பு அதற்கும் உண்டு, வந்தால் வந்ததுதான். பிடிக்காத வரிசையை விட்டுவிட்டுப் பிடித்தது வரும்வரை குலுக்கினால் அது குலுக்கல் இல்லை. இந்த வாதம் புதிதும் அல்ல. ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1919-இல் சேர்ந்த புள்ளியியலாளர் ஃபிஷர், 1920-களில் குலுக்கலை வலியுறுத்தியபோது, 'ஸ்டூடண்ட்' என்ற பெயரில் எழுதிய காஸெட் ஒழுங்காக மாற்றி மாற்றி அடுக்குவதே மேல் என்று 1937-இல் இறக்கும்வரை வாதாடினார். ஒழுங்கான அடுக்கு சராசரியைத் துல்லியமாகத் தரலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிழை எவ்வளவு என்பதை நேர்மையாக மதிப்பிடக் குலுக்கல் வேண்டும், நம் எஃப் சோதனை நிற்பதே அந்த மதிப்பீட்டின் மேல்தான்.

உரமும் ஓர வரிசையும்

பிளாட்டின் மொத்தப் பரப்பு 18 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 100 கிலோ என்றால் பிளாட்டுக்கு 180 கிராம் தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து, ஆகவே 391 கிராம் யூரியா. மற்ற அளவுகள் இதே விகிதத்தில். ஒவ்வொரு பிளாட்டுக்கும் முன்னாலேயே எடைபோட்டுப் பை கட்டி, பிளாக் எண்ணையும் பிளாட் எண்ணையும் எழுதிவிடுங்கள்.

மணிச்சத்தை எல்லாப் பிளாட்டுக்கும் ஒரே அளவில் கொடுக்கும்போது டி.ஏ.பி பயன்படுத்தாதீர்கள். அதில் 18 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. 0 கிலோ பிளாட் 0 கிலோவாகவே இருக்காது. சிங்கிள் சூப்பர் பாஸ்பேட் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

அறுவடையில் இரு பக்கமும் ஓர வரிசை ஒவ்வொன்றையும், இரு முனையிலும் அரை மீட்டரையும் விட்டுவிடுங்கள். மிஞ்சுவது 2.4-க்கு 4 மீட்டர், அதாவது 9.6 சதுர மீட்டர். இதில் 4.8 கிலோ தானியம் கிடைத்தால் ஹெக்டேருக்கு 5 டன். எடைபோடும்போதே ஈரப்பதத்தையும் அளந்து, எல்லாவற்றையும் 14 சதவீத ஈரப்பதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

விதைப்பு, களையெடுப்பு, அறுவடை எல்லாம் பிளாக் பிளாக்காக நடக்க வேண்டும். பாதியில் மழை வந்தால் கையில் இருக்கும் பிளாக்கை முடித்துவிட்டு நிறுத்துங்கள். இரண்டு ஆட்கள் களையெடுத்தால் ஆளுக்கு முழுப் பிளாக்காகப் பிரித்துக் கொடுங்கள். அப்போது நாளின் வித்தியாசமும் ஆளின் வித்தியாசமும் பிளாக்கோடு சேர்ந்து பிரிந்துபோகும். ஒரே பிளாக்கின் மூன்று பிளாட்டை இன்றும் இரண்டை மூன்று நாள் கழித்தும் அறுத்தால், அந்த வித்தியாசம் ட்ரீட்மென்ட்டில் கலந்துவிடும்.

கணக்கு

கணக்கைப் பின்தொடர எளிதாக இருக்க இந்த எண்களை நானே அமைத்திருக்கிறேன். விளைச்சல் ஹெக்டேருக்கு டன்னில். முதல் பிளாக் சரிவின் அடியில், நான்காவது மேட்டில்.

| தழைச்சத்து (கிலோ) | பிளாக் 1 | பிளாக் 2 | பிளாக் 3 | பிளாக் 4 | சராசரி |
|---|---|---|---|---|---|
| 0 | 4.1 | 3.1 | 2.5 | 2.7 | 3.1 |
| 50 | 4.6 | 4.8 | 4.2 | 3.2 | 4.2 |
| 100 | 5.3 | 5.5 | 4.7 | 4.9 | 5.1 |
| 150 | 6.8 | 5.2 | 5.6 | 4.8 | 5.6 |
| 200 | 5.7 | 5.9 | 5.5 | 4.9 | 5.5 |
| சராசரி | 5.3 | 4.9 | 4.5 | 4.1 | 4.7 |

இந்த எண்களை block, trt, yield என்ற மூன்று நிரல்களாக d என்ற அட்டவணையில் ஏற்றிவிட்டு, R-இல்:

```r
d$block <- factor(d$block)
d$trt   <- factor(d$trt)
summary(aov(yield ~ block + trt, data = d))
```

அந்த இரண்டு `factor` வரிகளை விட்டுவிட்டால், 1, 2, 3, 4 என்ற பிளாக் எண்களை R அளவுகளாக எடுத்துக்கொண்டு ஒரு நேர்க்கோட்டைப் பொருத்திவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பிளாக்குக்கு எதிரே டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 3-க்குப் பதில் 1 என்று வந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

சரியாகச் செய்தால் மொத்த சம் ஆஃப் ஸ்கொயர் 23.92. அதில் ட்ரீட்மென்ட் 17.68, பிளாக் 4.00, பிழை 2.24. பிழையை 12-ஆல் வகுத்தால் மீன் ஸ்கொயர் 0.187, மாறுபாட்டுக் கெழு 9.2 சதவீதம். ட்ரீட்மென்ட்டின் எஃப் மதிப்பு 23.7. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் கிரிட்டிகல் டிஃபரன்ஸ், 5 சதவீத அளவில், 0.67 டன்.

பிளாக்கே போடாமல் 20 பிளாட்டிலும் இஷ்டப்படி குலுக்கி, அதாவது சி.ஆர்.டியாகச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோராயமாகப் பார்க்கலாம். பிளாக்கின் 4.00-உம் பிழையோடு சேர்ந்து 6.24 ஆகும். டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 15 ஆகக் கூடினாலும் மீன் ஸ்கொயர் 0.416-க்கு ஏறும். கிரிட்டிகல் டிஃபரன்ஸ் 0.97 டன். இப்போது 50 கிலோவுக்கும் 100 கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள், 0.9 டன். பிளாக் இருக்கும்போது அது தெளிவாகத் தெரிகிறது, பிளாக் இல்லாவிட்டால் மறைந்துவிடுகிறது. ரிலேட்டிவ் எஃபிஷியன்ஸி சூத்திரத்தில் போட்டால் 1.97 வருகிறது. அதாவது நான்கு ரெப்ளிகேஷன் ஆர்.பி.டி தரும் துல்லியத்தைப் பெற சி.ஆர்.டிக்கு எட்டு வேண்டியிருக்கும். 20 பிளாட் செய்த வேலைக்கு 40 பிளாட்.

பிளாக்கின் எஃப் மதிப்பு சிறியதாக வந்துவிட்டால் அதை மாடலிலிருந்து நீக்கலாமா? கூடாது. பிளாக்குக்குள் குலுக்கினோம், ஆகவே பிளாக்கோடுதான் கணக்கும் போட வேண்டும். 3 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் இழந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம், எச்சங்களைப் பாருங்கள். ஒவ்வொரு பிளாட்டுக்கும் பிளாக்கையும் ட்ரீட்மென்ட்டையும் வைத்து எதிர்பார்த்த மதிப்பைக் கழித்து, மிச்சத்தை வயல் படத்திலேயே எழுதிப் பார்க்க வேண்டும். நம் எண்களில் 150 கிலோ, பிளாக் 1-இல் 0.6 கூடுதலாகவும் பிளாக் 2-இல் 0.6 குறைவாகவும் நிற்கிறது. மற்ற எல்லாம் 0.4-க்குள் இருக்கின்றன. இரண்டும் நேர்மாறாக, ஒரே அளவில் இருப்பதால் அறுவடையில் மூட்டைச் சீட்டு மாறியதா என்று கூடத் தோன்றும். வயல் நோட்டைப் புரட்டி, செடி எண்ணிக்கை, பூச்சித் தாக்குதல் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணம் கிடைக்காவிட்டால் எண்ணை மாற்றவும் கூடாது, தூக்கி எறியவும் கூடாது. எச்சங்கள் பக்கத்துப் பக்கத்து பிளாட்களில் கூட்டாக மைனஸாக இருந்தால், நாம் கவனிக்காத ஒரு திட்டு வயலில் இருந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. தழைச்சத்து அளவு ஓர் எண் என்பதால் a, b, c எழுத்துகள் போட்டு ஒப்பிடுவதோடு நிறுத்தாதீர்கள். 100-க்கும் 150-க்கும் வித்தியாசம் 0.5 டன், கிரிட்டிகல் டிஃபரன்ஸ் 0.67, ஆகவே 100 கிலோவே போதும் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் ட்ரீட்மென்ட்டின் 17.68-இல் 15.38 நேர்க்கோட்டுக்கும் 2.24 இருபடி வளைவுக்கும் போகிறது, மிச்சம் 0.06 மட்டுமே. வளைவின் எஃப் மதிப்பு 12.0, தேவையானது 4.75. அந்த வளைவின் உச்சி ஏறத்தாழ 178 கிலோவில் இருக்கிறது. உரத்தின் விலையையும் தானியத்தின் விலையையும் வைத்துப் பார்த்தால் இலாபமான அளவு அதற்குக் கீழே வரும், எவ்வளவு கீழே என்பதை வளைவிலிருந்துதான் கணக்கிட முடியும்.

இந்த 178-உம் அந்த ஒரு வயலின் ஒரு பருவத்துக்கான எண். நான்கு பிளாக்கும் அதே மழையைத்தான் பார்த்தன. பருவத்துக்குப் பருவம் மாறுமா என்று அவை சொல்லாது. அதற்கு அடுத்த பருவத்தில், புதிதாகக் குலுக்கி, இன்னொரு பரிசோதனை போட வேண்டும்.